இலைக் கணக்கா, ஆள் கூலியா, மாதச் சம்பளமா?
(கூட்டமைப்பின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



தையல் யூனிட்டில் நாம் செய்த தவறுகளைப் பற்றி என்னைப் பேசச் சொல்லியிருக்கிறார்கள். சாதனையைப் பேச நிறையப் பேர் இருக்கிறார்கள். அந்தத் தவறுகளுக்குத் தீர்மானப் புத்தகத்தில் கையெழுத்துப் போட்டவர்களில் நானும் ஒருத்தி என்பதால் என்னைக் கூப்பிட்டிருப்பார்கள் என்று நினைக்கிறேன். இப்போது பல ஊராட்சிகளில் மாவு மில், மசாலா, தையல் என்று யூனிட் ஆரம்பிக்கிறீர்கள். கொஞ்ச நாள் வேலை வரும், தொடர்ந்து வருமா என்று தெரியாது, அதற்கு எப்படி ஆள் வைப்பது? இந்தக் கேள்வி உங்களுக்கும் கட்டாயம் வரும்.

முதலில் நமக்கு நன்றாகத் தெரிந்த ஒரு விஷயத்திலிருந்து தொடங்குகிறேன். வீட்டில் ஒரு கல்யாணம். சாப்பாட்டுக்கு என்ன செய்கிறோம்? ஒரு வழி, இலைக்கு இவ்வளவு என்று பேசி மொத்தமாகக் காண்ட்ராக்ட் விடுவது. மளிகை, காய்கறி, ஆள், பரிமாறுவது எல்லாம் அவர் பொறுப்பு. இன்னொரு வழி, மளிகையை நாமே வாங்கிப் போட்டு, சமையல் மாஸ்டரை மட்டும் கூலி பேசி அழைப்பது. அவர் இன்றைக்கு நம் வீடு, நாளைக்கு வேறு வீடு. இதைத்தான் இப்போது ஃப்ரீலான்ஸ் என்கிறார்கள். மூன்றாவது, மாதச் சம்பளத்துக்குச் சமையல் ஆள் வைப்பது. ஒரு நாள் கல்யாணத்துக்காக யாராவது மாதச் சம்பளத்துக்கு ஆள் வைப்போமா? வீட்டில் வைக்க மாட்டோம். யூனிட்டில் வைத்தோம்.

நடந்ததைச் சொல்கிறேன். 2019 ஜனவரி 1 முதல் நம் மாநிலத்தில் ஒருமுறை பயன்படுத்தித் தூக்கி எறியும் பிளாஸ்டிக்குக்குத் தடை வந்தது. 2021 டிசம்பரில் மீண்டும் மஞ்சப்பை இயக்கம் தொடங்கியது. அதற்குப் பிறகு கடைக்காரர்கள் துணிப்பை கேட்டு வர ஆரம்பித்தார்கள். ஒரு ஜவுளிக்கடையிலிருந்து நமக்கு 6,000 பை ஆர்டர் வந்தது. துணி அவர்களே தருவார்கள், வெட்டித் தைத்துக் கொடுத்தால் பைக்கு 11 ரூபாய். இரண்டு மாத அவகாசம். "தீபாவளி முடியட்டும்மா, பொங்கலுக்கும் இதே மாதிரி தருவோம்" என்று கடைக்காரர் சொன்னார்.

நம்மிடம் ஐந்து மெஷின் இருந்தது. ஒரு மெஷினுக்கு 60 என்று நாளைக்கு 300 பை தைக்க முடியும். தைப்பதில் சிரமம் இல்லை, வெட்டுவதில்தான். கத்தரிக்கோலால் வெட்டினால் ஒரு பை போல இன்னொரு பை இருக்காது. துணியை அடுக்கடுக்காக விரித்து, மார்க் போட்டு, கட்டிங் மெஷினால் ஒரே வெட்டாக வெட்டக் கட்டிங் மாஸ்டர் வேண்டும். பக்கத்து ஊரில் ஒரு கம்பெனியில் வேலை பார்த்த மாஸ்டர் அண்ணனைக் கேட்டோம். "பெர்மனென்ட் வேலைன்னா வர்றேன்" என்றார். மாதம் 18,000 என்று தீர்மானம் போட்டோம். "தொடர்ந்து ஆர்டர் வரப்போகுது, நல்ல ஆளை விட்டுடக் கூடாது" என்று அந்தக் கூட்டத்தில் அதிகம் பேசியது நான்தான்.

அவர் வந்தார். நல்ல வேலைக்காரர். ஒரு நாளைக்கு 1,000 பை வெட்டினார். அப்படியானால் 6,000 பைக்கு எத்தனை நாள்? ஆறே நாள்! ஆர்டர் இரண்டு மாதம் என்றதும் வேலையும் இரண்டு மாதம் என்று நாங்கள் நினைத்துவிட்டோம். ஆர்டருக்கு இருக்கும் நாள் வேறு, அந்த ஒரு ஆளுக்கு இருக்கும் வேலை நாள் வேறு. இதை ஒரு துண்டுச் சீட்டில் எழுதிப் பார்த்திருந்தால் அன்றைக்கே தெரிந்திருக்கும். மீதி நாளெல்லாம் அவர் செக்கிங் பார்த்தார், நூல் வெட்டினார், மூட்டை கட்டினார். உறுப்பினர்கள் செய்ய வேண்டிய வேலையை 18,000 ரூபாய்ச் சம்பளக்காரர் செய்தார்.

பொங்கல் ஆர்டர் வரவில்லை. கடைக்காரர் வேறு இடத்தில் குறைந்த விலைக்குக் கொடுத்துவிட்டார். அவர் நம்மை ஏமாற்றவில்லை, எழுதித் தரவும் இல்லை. நல்ல மனதோடு சொன்ன ஒரு வார்த்தையை நாம் ஆர்டர் என்று எடுத்துக்கொண்டோம். அதற்குப் பின் வந்த சின்னச் சின்ன ஆர்டர் எல்லாம் சேர்ந்து 2,500 பை. நான்கு மாதம் ஓடியது.

கணக்கைப் பாருங்கள். மொத்தம் 8,500 பை, பைக்கு 11 ரூபாய், வரவு 93,500. தைத்த உறுப்பினர்களுக்குப் பைக்கு 6 ரூபாய் வீதம் 51,000. நூல், கரண்ட், வாடகை எல்லாம் பைக்கு ஒரு ரூபாய் வீதம் 8,500. கையில் மிச்சம் 34,000. மாஸ்டர் அண்ணனுக்கு நான்கு மாதச் சம்பளம் 72,000. ஆக 38,000 ரூபாய் நஷ்டம். அந்தப் பணம் கூட்டமைப்பின் பொது நிதியிலிருந்து போனது. அந்த மாதம் கடனுக்கு விண்ணப்பித்திருந்த இரண்டு சகோதரிகளை "அடுத்த மாதம் பார்ப்போம்" என்று திருப்பி அனுப்பினோம்.

இதைவிட எனக்கு வலித்தது வேறொன்று. இனி வேலை இல்லை என்று மாஸ்டர் அண்ணனிடம் சொல்லும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. அவர் கோபப்படவில்லை. "அக்கா, மூணு மாச வேலைதான்னு முதல்லயே சொல்லியிருந்தா நான் பழைய எடத்த விட்டிருக்க மாட்டேனே" என்றார். பழைய கம்பெனியில் அவர் இடத்துக்கு வேறு ஆள் வந்துவிட்டார். நமக்கே உறுதியில்லாத வேலைக்கு அவருக்கு உறுதி கொடுத்துவிட்டோம். நமக்கு நஷ்டம் பணத்தோடு போயிற்று. அவருக்கு நஷ்டம் குடும்பத்தோடு போயிற்று.

அடுத்த வருஷம் அந்தப் பயத்தில் அந்தப் பக்கம் சாய்ந்தோம். "ஆளே வைக்க வேண்டாம், காண்ட்ராக்ட் விட்டுடுவோம்" என்று முடிவு. அப்போது 8,000 பை, 25 நாளில் வேண்டும் என்று ஒரு ஆர்டர். நாளைக்கு 300 தைத்தால் 25 நாளில் 7,500தான் ஆகும். ஒருவருக்குக் காய்ச்சல் வந்தாலும் கதை முடிந்தது. அதனால் பாதியை, 4,000 பையை, பைக்கு 9 ரூபாய் பேசிக் காண்ட்ராக்டரிடம் விட்டோம். அவர் ஆட்களைக் கூட்டி வந்து நம் ஷெட்டிலேயே இரவில் தைத்தார். காண்ட்ராக்ட் விட்டது தப்பில்லை. அவசரம், நம் கைக்கு மீறிய அளவு, ஒரே முறை. இதற்குத்தான் காண்ட்ராக்ட். விட்ட விதம்தான் தப்பு.

பேச்சு எல்லாம் வாயால்தான். கைப்பிடியை எப்படித் தைக்க வேண்டும் என்று நாங்கள் சொல்லவில்லை. நம் பெண்கள் கைப்பிடி சேரும் இடத்தில் சதுரமாக ஒரு தையல், அதற்குள் குறுக்கே இரண்டு தையல் போடுவார்கள். காண்ட்ராக்டரின் ஆட்கள் ஒரே ஓட்டு ஓட்டிவிட்டார்கள். பைக்கு இவ்வளவு என்று பேசினால் வேகமாக முடிப்பவருக்குத்தான் லாபம். இது மனித இயல்பு, அவரைக் குறை சொல்லிப் பயனில்லை. 700 பை கைப்பிடி பிய்ந்து திரும்பி வந்தது. நம் பெண்கள் மூன்று நாள் உட்கார்ந்து மறுபடி தைத்தார்கள். பைக்கு 2 ரூபாய் வீதம் 1,400 ரூபாய் நம் கையிலிருந்து கொடுத்தோம்.

ஒரு வாரம் கழித்துக் காலையில் ஷெட் வாசலில் ஆறு பெண்கள் நிற்கிறார்கள். இரவில் வந்து தைத்தவர்கள். காண்ட்ராக்டர் நம்மிடம் முழுப் பணத்தையும் வாங்கிக்கொண்டு, இவர்களுக்குத் தலைக்கு 1,600 பாக்கி வைத்துவிட்டார். போனை எடுக்கவில்லை. எங்கள் கூட்டத்திலேயே ஒருவர் "அது அவங்களுக்கும் காண்ட்ராக்டருக்கும் உள்ள விஷயம்" என்றார். அப்படி இல்லை. காண்ட்ராக்டர் கூலி கொடுக்கத் தவறினால் வேலை கொடுத்த இடம்தான் கொடுக்க வேண்டும், பிறகு அவரிடம் பிடித்துக்கொள்ளலாம் என்று தொழிலாளர் சட்டம் சொல்கிறது. எத்தனை ஆள் இருந்தால் அந்தச் சட்டம் பொருந்தும் என்று ஒரு எண்ணிக்கை உண்டு. ஆனால் வாசலில் கைக்குழந்தையோடு நிற்கும் பெண்ணிடம் அந்த எண்ணிக்கையைப் பேச முடியுமா? நாமும் கூலிக்குத் தைத்தவர்கள்தானே? 9,600 ரூபாயையும் கொடுத்தோம்.

அன்றிலிருந்து காண்ட்ராக்ட் விட்டால் மூன்று விஷயம் பார்க்கிறோம். நம் கையால் தைத்த ஒரு மாதிரிப் பையில் இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டு வைத்துக்கொள்கிறோம். முதல் 50 பையைப் பார்த்த பிறகுதான் மீதியைத் தைக்கச் சொல்கிறோம். கடைசித் தவணை, மொத்தத்தில் நாலில் ஒரு பங்கு, அவருடைய ஆட்கள் கூலி வாங்கிக் கையெழுத்திட்ட பட்டியல் வந்த பிறகுதான். இதற்கு ஒப்புக்கொள்ளாதவரிடம் வேலையை விடுவதில்லை.

மூன்றாவது முறை வந்தபோது உட்கார்ந்து யோசித்தோம். நமக்கு வேண்டியது வருஷம் முழுக்க ஒரு மாஸ்டர் இல்லை, மாதத்தில் நாலைந்து நாள் ஒரு மாஸ்டர். அதே மாஸ்டர் அண்ணனிடம்தான் போனேன், கூச்சத்தோடு. அதற்குள் அவர் சொந்தமாக ஒரு கட்டிங் மெஷின் வாங்கி, நாலு யூனிட்டுக்குப் போய் வெட்டிக் கொடுத்துக்கொண்டிருந்தார். "சம்பளம் வேண்டாம்க்கா. பைக்கு ஒண்ணேகால் ரூபா கொடுங்க. கூப்பிட்ட அன்னைக்கு வர்றேன், மெஷினும் கொண்டு வர்றேன்" என்றார்.

6,000 பைக்கு 7,500 ரூபாய். ஆறு நாள் வேலை என்றால் அவருக்கு நாளொன்றுக்கு 1,250. மாதச் சம்பளத்தில் இருந்தபோது ஒரு வேலை நாளுக்கு அவருக்குக் கிடைத்தது ஏறக்குறைய 700 ரூபாய். "இப்ப ஒரு நாளைக்கு அதிகமா கொடுக்கிறோமே" என்று ஒரு சகோதரி கேட்டார். கொடுக்கத்தான் வேண்டும். வேலையில்லாத நாளை அவர் தன் தலையில் ஏற்றிக்கொள்கிறார், மெஷின் தேய்மானத்தையும் ஏற்றிக்கொள்கிறார். அதற்குத்தான் அந்த அதிகப்படி. வேலை வருமா வராதா என்ற கவலை எங்கும் போய்விடாது. ஒன்று நம் தலையில் இருக்கும், இல்லாவிட்டால் அடுத்தவர் தலையில் இருக்கும். அடுத்தவர் சுமந்தால் சுமைகூலி கொடுப்பதுதான் நியாயம். கூலியும் குறைவாக, உறுதியும் இல்லாமல் ஒருவரை வைத்துக்கொள்வது சாமர்த்தியம் இல்லை.

சரி, எப்போது மாதச் சம்பளம் லாபம்? 18,000 ரூபாயை ஒண்ணேகாலால் வகுத்துப் பாருங்கள். 14,400. மாதம் தவறாமல் 14,400 பை வெட்டினால்தான் சம்பளமும் பீஸ் ரேட்டும் சமம். ஐந்து மெஷினில் 25 நாள் முழுக்க ஓட்டினாலும் நாம் தைப்பது 7,500தான். அதாவது, பொங்கல் ஆர்டர் வந்திருந்தாலும் அன்றைக்கு நாம் எடுத்த முடிவு தப்புதான். கடைக்காரர் மீது இருந்த வருத்தம் எனக்கு இந்தக் கணக்கைப் போட்ட அன்றோடு போய்விட்டது.

கூலிக்கு அழைப்பதிலும் தொல்லை உண்டு. தீபாவளி நெருங்கினால் நாலு யூனிட்டும் ஒரே நாளில் கூப்பிடும். ஒரு தடவை நாலு நாள் துணி காத்துக் கிடந்தது. இப்போது தேதியை முன்பே பேசி, 1,000 ரூபாய் அட்வான்ஸ் கொடுக்கிறோம். அவர் வந்து, நம் துணி வராவிட்டால் அந்த 1,000 அவருக்கு. அவர் வராவிட்டால் திருப்பித் தர வேண்டும். நம் உறுப்பினர்களில் இரண்டு பேரை அவர் பக்கத்தில் நிறுத்தி, துணி விரிக்கவும் மார்க் போடவும் பழக்கினோம். அதற்காக அவருக்குத் தனியாக இரண்டு நாள் கூலி கொடுத்தோம். வெளி ஆளோடு வேலை நுணுக்கமும் வெளியே போய்விடக் கூடாது அல்லவா?

இன்னொன்று. புது மாடல் வந்தால், உதாரணத்துக்கு உள்ளே பாக்கெட், ஜிப் வைத்த பை, பீஸ் ரேட் பேசவே கூடாது. எவ்வளவு நேரம் ஆகும் என்று அவருக்கும் தெரியாது, நமக்கும் தெரியாது. தெரியாத வேலைக்கு ரேட் பேசினால் அவர் பயந்து அதிகமாகக் கேட்பார், அல்லது தெரியாமல் குறைத்துச் சொல்லிவிட்டுப் பிறகு அவசர அவசரமாக வெட்டுவார். அதனால் முதல் நாள் நாள் கூலி. இருபது பை வெட்டி, தைத்துப் பார்த்து, அளவு சரியான பிறகு மணியைக் கணக்கிட்டுப் பீஸ் ரேட் பேசுவோம். வேலையை நாலு வரியில் எழுத முடிந்தால் பீஸ் ரேட்டோ காண்ட்ராக்டோ பேசலாம். எழுத முடியாவிட்டால் நாள் கூலிதான்.

இதைக் கேட்டுவிட்டு "அப்போ எல்லாரையும் பீஸ் ரேட்ல வெச்சுடலாம்" என்று போய்விடாதீர்கள். அது மூன்றாவது தவறு. வேறொரு யூனிட்டில் ஒரு பெண் தினமும் காலை ஒன்பதிலிருந்து மாலை ஆறு வரை வருகிறார். யூனிட் மெஷின், யூனிட் சொல்கிற வேலை, வேறு இடத்துக்குப் போக முடியாது. நோட்டில் மட்டும் "பீஸ் ரேட்" என்று எழுதியிருக்கிறார்கள். பெயரை மாற்றி எழுதினால் ஆள் மாறிவிடுவதில்லை. யார் சொல்லி வேலை நடக்கிறது, யார் கருவி, வேறு இடத்தில் வேலை செய்ய அவருக்குச் சுதந்திரம் உண்டா என்றுதான் தொழிலாளர் சட்டம் பார்க்கும். பன்னிரண்டு மாதத்தில் 240 நாள் வேலை பார்த்த தொழிலாளியைக் குறைக்க வேண்டுமானால் ஒரு மாத நோட்டீஸ் அல்லது ஒரு மாதச் சம்பளம், அதோடு வேலை பார்த்த ஒவ்வொரு வருஷத்துக்கும் 15 நாள் சம்பளம் கொடுக்க வேண்டும். இ.எஸ்.ஐ., பி.எப். கணக்குக்கு ஆட்களை எண்ணும்போதும் பீஸ் ரேட் ஆட்களை விட்டுவிட முடியாது. உங்கள் யூனிட்டில் பத்து பேரைத் தொடும்போதே ஆடிட்டரிடம் கேட்டுவிடுங்கள்.

அதனால் நிரந்தர ஆளே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆர்டர் வந்தாலும் வராவிட்டாலும் நடக்க வேண்டிய வேலை ஒன்று எல்லா யூனிட்டிலும் இருக்கும். நம் யூனிட்டில் அது கணக்கும் செக்கிங்கும். எந்தக் கடை எப்போது பணம் தந்தது, எந்தப் பை ஏன் திரும்பி வந்தது என்பது அவருக்குத்தான் தெரியும். அந்த வேலைக்கு நம் உறுப்பினர் ஒருவரை மாதச் சம்பளத்துக்கு வைத்தோம். அதில் இன்று வரை வருத்தம் இல்லை. இரண்டு மூன்று மாதம் தினமும் ஆள் வேண்டும், அதற்குப் பிறகு தெரியாது என்றால், முடியும் தேதியை எழுதி, கையெழுத்து வாங்கி, தற்காலிகமாகச் சம்பளத்துக்கு வையுங்கள். தேதியைச் சொல்லிவிட்டு வைப்பதில் துரோகம் இல்லை. அவர் தன் பழைய இடத்தை விடலாமா வேண்டாமா என்று அவரே முடிவு செய்துகொள்வார்.

ஆகவே சகோதரிகளே, அடுத்த தடவை ஆள் வைக்கத் தீர்மானம் எழுதும் முன், அதே பக்கத்தில் மேலே மூன்று வரி எழுதுங்கள். அந்த ஆளுக்கு உண்மையில் எத்தனை நாள் வேலை இருக்கிறது? வேலை என்னவென்று நாலு வரியில் எழுத முடிகிறதா? ஆர்டர் நின்றுபோனால் நஷ்டம் யாருக்கு, அது அவருக்குத் தெரியுமா? மூன்றுக்கும் பதில் எழுதிவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

மாஸ்டர் அண்ணன் போன வாரமும் வந்து 2,000 பை வெட்டிக் கொடுத்துவிட்டுப் போனார். சாயங்காலமே பணத்தை எண்ணிக் கொடுத்தோம். "அடுத்து எப்பக்கா?" என்று கேட்டார். "தெரியலண்ணா, ஆர்டர் கையில வந்தா சொல்றேன்" என்றேன். முதல் தடவையே இந்தப் பதிலைச் சொல்லியிருக்க வேண்டும்.